கிளினிக்கில் 27.2, பாமசியில் 27.6: நான் எத்தனை கிலோ குறைக்க வேணும்?

"மிஸ், எனக்கு வயது 42. இடம் களுவாஞ்சிக்குடி. போன செவ்வாய் காலை கிளினிக்கில் உயரம் 158, நிறை 68, பி.எம்.ஐ. 27.2 என்று கொப்பியில் எழுதித் தந்தார்கள். பாஸ்டிங் சுகர் 112. அன்றைக்குப் பின்னேரம் கல்முனையில் ஒரு பாமசி மெஷினில் ஏறினேன். நிறை அதே 68தான், ஆனால் உயரம் 157, பி.எம்.ஐ. 27.6, 'ஒபீஸ்' என்று துண்டு வந்தது. காலையில் இல்லாத வருத்தம் பின்னேரம் எப்படி வந்தது? 25க்குக் கீழே வந்தால் போதும் என்கிறார் ஒருவர், 23 என்கிறார் இன்னொருவர். சுவரில் ஒட்டியிருக்கிற தாளில் 24.9 வரை ஒரு வகுப்பு, 25இலிருந்து அடுத்தது. இடையில் வந்தால் எது? கடைசியில் நான் எத்தனை கிலோ குறைக்க வேணும்? 20 வயது மகளுக்கு எதிர்ப் பிரச்சினை: உயரம் 160, நிறை 44. அவளுக்கு எவ்வளவு கூட வேணும்?"

தங்கச்சி, முதலில் விடையைச் சொல்லிவிடுகிறேன். 25க்குக் கீழே வர 61.5 கிலோவைக் குறியாக வையுங்கள், அதாவது ஆறரைக் கிலோ குறைய வேணும். 23க்குக் கீழே வர 56.5 கிலோ, அதாவது பதினொன்றரைக் கிலோ. உங்கள் உயரம் 158 என்றாலும் 157 என்றாலும் இந்த இரண்டு குறியும் பிழைக்காது. மகளுக்குக் குறைந்தது மூன்றரைக் கிலோ கூட வேணும். இந்த எண்கள் எப்படி வந்தன என்பதை உங்கள் கொப்பியை வைத்தே விளக்குகிறேன். விளங்கிவிட்டால் வீட்டில் யாருக்கும் நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

பி.எம்.ஐ. என்பது கிலோவில் உள்ள நிறையை, மீற்றரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் பிரிப்பது. நிறையப் பேர் இங்கேதான் வழுக்குகிறார்கள். "27.2இலிருந்து 25ஐக் கழித்தால் 2.2, அப்படியென்றால் இரண்டு கிலோ குறைத்தால் போதும்" என்று கிளினிக் வாங்கில் இருந்துகொண்டு ஒருவருக்கொருவர் சொல்லுவதை நான் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். அந்த 2.2 கிலோ அல்ல. பி.எம்.ஐ. ஒன்று குறைய எத்தனை கிலோ குறைய வேணும் என்பது ஆளின் உயரத்தைப் பொறுத்தது. அந்தத் தொகைதான் உயரத்தின் வர்க்கம். உங்களுக்கு 1.58ஐ 1.58ஆல் பெருக்கினால் 2.4964 வரும், ஏறக்குறைய இரண்டரைக் கிலோ. 175 சென்ரிமீற்றர் உயரமான ஆம்பிளைக்கு அதே ஒன்று குறைய மூன்று கிலோவுக்குச் சற்று மேல் இறங்க வேணும்.

அதனால் பி.எம்.ஐ.யைத் திரும்பத் திரும்பக் கணக்குப் பார்ப்பதை விட, எல்லைகளை ஒரே தரம் கிலோவாக மாற்றிக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதிவிடுவது நல்லது. உயரம் மாறப்போவதில்லை, ஆகவே இந்த எல்லைகளும் மாறா. உங்கள் 158க்கு:

```
18.5 × 2.4964 = 46.18 கிலோ
23   × 2.4964 = 57.42 கிலோ
25   × 2.4964 = 62.41 கிலோ
27.5 × 2.4964 = 68.65 கிலோ
30   × 2.4964 = 74.89 கிலோ
```

இனித் தராசில் ஏறினதும் பிரித்துப் பார்க்கத் தேவையில்லை. முள் எந்த இரண்டு எண்ணுக்கு நடுவில் நிற்கிறது என்று பார்த்தால் போதும். நீங்கள் இப்போது 68இல், அதாவது 62.41க்கும் 68.65க்கும் நடுவில், மேல் எல்லைக்கு அறுநூற்றைம்பது கிராம் மட்டும் கீழே நிற்கிறீர்கள். பாமசித் துண்டு வேறு வகுப்பைக் காட்டியதன் காரணம் இந்த அறுநூற்றைம்பது கிராமில்தான் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் 24.9, 25 பிரச்சினை. சுவர்த் தாளில் 18.5 - 24.9, 25 - 29.9 என்று அச்சடித்திருப்பதால் நடுவில் ஒரு வெட்டை கிடப்பதுபோலத் தெரிகிறது. உண்மையில் அங்கே இடைவெளி எதுவும் இல்லை. ஓ.எல். கணிதத்தில் ஆயிடை, சமனிலி படித்தது ஞாபகம் இருந்தால் இது இலேசு. ஒவ்வொரு வகுப்பும் கீழ் எல்லையைத் தனக்குள் சேர்த்துக்கொள்ளும், மேல் எல்லையை அடுத்த வகுப்புக்குக் கொடுத்துவிடும். சரியாக 18.5 என்றால் அது ஆரோக்கியமான வகுப்பு, நிறை குறைவு அல்ல. சரியாக 25 என்றால் அது நிறை கூடிய வகுப்பு. 24.93, 24.97, 24.999 எல்லாம் 25ஐ விடக் குறைவு, ஆகவே கீழ் வகுப்பு. "24.9" என்று அச்சடித்திருப்பது, ஒரு தசமத்துக்கு எழுதும்போது 25க்கு முதல் வரும் எண் அதுதான் என்பதால் மட்டுமே.

இதைக் கிலோவில் பார்த்தால் எவ்வளவு சின்ன விசயம் என்று தெரியும். 24.9ஐ உங்கள் 2.4964ஆல் பெருக்கினால் 62.16. 25க்கு 62.41. இரண்டுக்கும் நடுவில் கால் கிலோ, அதாவது ஒரு கிளாஸ் தண்ணீர். ஆனாலும் ஒரு சிக்கல் வரும். ஒருநாள் நீங்கள் 62.3 கிலோ நிற்கிறீர்கள் என்று வைப்போம். பிரித்தால் 24.956. மெஷின் ஒரு தசமத்துக்கு மட்டம் தட்டி 25.0 என்று காட்டும். சில மெஷின்கள் மட்டம் தட்டின பிறகு வகுப்பைத் தீர்மானிக்கும், சில அதற்கு முதலே தீர்மானிக்கும். ஒரே ஆளுக்கு ஒரே நிறையில் இரண்டு வகுப்பு வருவது இப்படியும் நடக்கும். முறை என்னவென்றால், முதலில் எல்லையோடு ஒப்பிட வேணும், கடைசியில்தான் மட்டம் தட்ட வேணும். கிலோ எல்லையை மட்டம் தட்டுவதாக இருந்தால் எப்போதும் உள்ளே போகிற பக்கமாகத் தட்டுங்கள்: மேல் எல்லை 62.41ஐ 62.4 என்று இறக்கியும், கீழ் எல்லை 46.18ஐ 46.2 என்று ஏற்றியும். 62.41ஐ "சும்மா அறுபத்திரண்டரை" என்று எழுதிவைத்தால், அந்த அறுபத்திரண்டரையில் நின்று சந்தோசப்படுகிற அன்றைக்கு நீங்கள் எல்லைக்கு வெளியே நிற்பீர்கள்.

இப்போது காலை 27.2, பின்னேரம் 27.6. நிறை இரண்டு இடத்திலும் 68தான். மாறினது உயரம் மட்டும். 1.57இன் வர்க்கம் 2.4649, 68ஐ அதால் பிரித்தால் 27.59. உயரத்தை வர்க்கம் எடுப்பதால் அதில் ஒரு சென்ரிமீற்றர் பிழைத்தால் பி.எம்.ஐ.யில் ஏறக்குறைய 0.35 பிழைக்கிறது. உங்கள் அளவில் அது நிறையில் தொள்ளாயிரம் கிராம் பிழைத்ததற்குச் சமம். நீங்கள் எல்லையிலிருந்து 650 கிராம் தூரத்தில்தான் இருந்தீர்கள், அதனால் அந்த ஒரு சென்ரிமீற்றர் உங்களைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டது. பின்னேரம் உங்களுக்குப் புதிதாக ஒரு வருத்தமும் வரவில்லை, தங்கச்சி.

இதில் இன்னொரு விசயமும் சேர்ந்திருக்கிறது. 27.6க்கு "ஒபீஸ்" என்று துண்டு அடித்திருப்பதால் அந்த மெஷினில் ஆசிய எல்லையான 27.5ஐப் போட்டிருக்கிறார்கள் என்று விளங்குகிறது. 30ஐ எல்லையாக வைக்கிற மெஷின் என்றால் அதே 27.6ஐ நிறை கூடினது என்று மட்டுந்தான் சொல்லியிருக்கும்.

எந்த உயரம் சரி என்று கேட்பீர்கள். இரண்டும் ஓரளவுக்குச் சரியாக இருக்கலாம். காலையில் எழும்பும்போது நாம் கொஞ்சம் உயரம். நாள் முழுக்க நின்று நடக்க, முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கிற தட்டுகள் அமுங்கிப் பின்னேரம் ஒரு சென்ரிமீற்றர் அளவில் குறைந்துவிடுவோம். கொண்டையோடு அளந்தால் கூடக் காட்டும். செருப்போடு அளந்தாலும் அப்படித்தான். அடி, அங்குலக் கணக்கும் ஆளைக் கவிழ்க்கும். ஐந்தடி இரண்டு அங்குலம் என்பது 157.5 சென்ரிமீற்றர். அதையே போனில் "5.2 அடி" என்று அடித்தால் 158.5 ஆகிவிடும், ஏனென்றால் ஓர் அடிக்குப் பன்னிரண்டு அங்குலம், பத்து அல்ல. ஐந்தடி பத்து அங்குல ஆள் "5.10" என்று அடித்தால் 178 சென்ரிமீற்றர் ஆள் 155 ஆகிவிடுவார்.

நான் முன்பு வேலை செய்த ஓர் இடத்தில், சுவரில் உயரம் அளக்கிற நாடாவை ஒட்டின பிறகு தரைக்கு டைல்ஸ் பதித்தார்கள். நாடாவை யாரும் கழற்றி ஏற்றி ஒட்டவில்லை. தரை இரண்டு சென்ரிமீற்றர் உயர்ந்ததால் வருகிற எல்லோரும் இரண்டு சென்ரிமீற்றர் உயர்ந்துவிட்டார்கள். 150 சென்ரிமீற்றர் உயரமும் 68 கிலோ நிறையும் உள்ள ஓர் அம்மாவின் உண்மையான பி.எம்.ஐ. 30.2. நாங்கள் 152 என்று அளந்து 29.4 என்று எழுதிக்கொண்டிருந்தோம். பல மாதம் நான் கவனிக்கவில்லை, அது என் பிழையும்தான். ஒருநாள் மேசன்மார் பாவிக்கிற இரும்பு நாடாவைத் தரையில் ஊன்றிச் சுவர் நாடாவோடு பக்கத்தில் பிடித்துப் பார்த்தபோதுதான் ஒரு மீற்றர் கோடு ஒரு மீற்றரில் இல்லை என்று தெரிந்தது. அதற்குப் பிறகு எந்த இடத்துக்குப் போனாலும் முதல் வேலையாக நான் செய்வது அதுதான்.

நீங்களும் வீட்டில் செய்து பாருங்கள். காலையில், வெறுங்காலோடு, கொண்டையை அவிழ்த்துவிட்டு, சுவரோடு குதிகால், பின்புறம், தோள் மூன்றும் படும்படி நில்லுங்கள். பார்வை நேரே இருக்க வேணும், நாடியைத் தூக்க வேண்டாம். மகள் ஒரு தடித்த கொப்பியின் ஓரத்தைச் சுவரில் சரியாகப் பதித்து உச்சந்தலை வரை இறக்கி, அடிப்பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு கீறட்டும். இரும்பு நாடாவால் தரையிலிருந்து அந்தக் கோடு வரை அளக்க வேணும். மூன்று தரம் செய்து நடுவில் வருகிற எண்ணை எடுங்கள். வீட்டுத் தராசைச் சரிபார்க்க ஐந்து கிலோ அரிசிப் பைக்கற் போதும். சும்மா ஏறி ஒரு தரம், பைக்கற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு தரம். வித்தியாசம் ஐந்து வர வேணும். ஐந்து வந்தால் கூடுதல் குறைவைத் தராசு ஒழுங்காகக் காட்டுகிறது என்று நம்பலாம்.

இவ்வளவு கவனமாக அளந்தாலும் நிறை அரைக் கிலோ, உயரம் அரைச் சென்ரிமீற்றர் இப்படியோ அப்படியோ போகும். உங்களுக்கு அதைப் போட்டுப் பார்த்தேன். 67.5 கிலோவும் 158.5 உம் என்றால் 26.9. 68.5 கிலோவும் 157.5 உம் என்றால் 27.6. ஆக, உங்கள் பி.எம்.ஐ.யை ஒரு புள்ளியாகப் பார்க்காமல் 26.9 முதல் 27.6 வரைக்கும் உள்ள ஒரு சிறு ஆயிடையாகப் பார்க்க வேணும். 27.5 என்ற கோடு அந்த ஆயிடைக்கு உள்ளேயே ஓடுகிறது. அதனால் "நான் இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா" என்ற கேள்விக்கு அளவைக் கொண்டு திட்டமாக விடை சொல்ல ஏலாது. நல்ல காலத்துக்கு அந்த விடை தேவையும் இல்லை. எந்தப் பக்கம் என்றாலும் குறைக்க வேண்டிய கிலோவில் முக்கால் கிலோ வித்தியாசம்தான் வரும்.

25ஆ, 23ஆ என்பது வேறு கேள்வி. அதில் இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. 18.5, 25, 30 என்பவை உலக சுகாதார நிறுவனத்தின் சர்வதேச எல்லைகள். தெற்காசியருக்கு அதே பி.எம்.ஐ.யில் வெள்ளைக்காரரை விட உடலில் கொழுப்புக் கூட, சீனி வருத்தமும் குறைந்த நிறையிலேயே தொடங்குகிறது. இதைப் பற்றிப் பேச அந்த நிறுவனம் 2002இல் சிங்கப்பூரில் ஒரு நிபுணர் கூட்டம் வைத்தது, முடிவு 2004இல் வெளியானது. அவர்கள் பழைய எல்லைகளை நீக்கவில்லை. ஆசிய மக்களில் ஆபத்துக் கூடத் தொடங்குகிற இடம் நாட்டுக்கு நாடு 22 முதல் 25 வரை மாறுகிறது என்று கண்டு, 23ஐயும் 27.5ஐயும் மேலதிகமான நடவடிக்கைப் புள்ளிகளாகச் சேர்த்தார்கள். ஆகவே 25 வகுப்பின் பெயரை மாற்றுகிற கோடு. 23 நம்மைப் போன்றவர்கள் கவனிக்கத் தொடங்க வேண்டிய கோடு. 22.9இல் ஆபத்து இல்லை, 23.1இல் வந்துவிட்டது என்று உடம்பில் ஒரு கதவு இல்லை. ஆபத்து சரிவாக ஏறுகிறது, நாங்கள் அதில் ஓர் இடத்தில் கோடு கீறியிருக்கிறோம்.

அதனால் இரண்டையும் படிகளாக வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு இப்படிப் போகும். 158க்கு 25இன் எல்லை 62.41, ஆகவே 5.59 கிலோவுக்கு மேல் குறைய வேணும். 157க்கு எல்லை 61.62, ஆகவே 6.38க்கு மேல். இரண்டு உயரத்துக்கும் உள்ளே விழுகிற நிறை எது என்று பார்த்தால் 61.5. அங்கே நின்றால் 158 என்று அளக்கிறவருக்கு 24.6, 157 என்று அளக்கிறவருக்கு 24.95. எந்தத் தராசில் ஏறினாலும் 25க்குக் கீழேதான். இதே முறையில் 23க்கு 57.42உம் 56.69உம் வருகின்றன, இரண்டுக்கும் உள்ளே இருப்பது 56.5. முதலில் நான் சொன்ன ஆறரையும் பதினொன்றரையும் இப்படித்தான் வந்தன. எந்த உயரம் சரி என்ற வழக்கைத் தீர்க்காமலே விடை கிடைத்துவிடுகிறது என்பதால் இந்த முறை எனக்கு மிகவும் பிடிக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். "எத்தனை கிலோ குறைக்க வேணும்" என்பதற்கு விடை ஓர் எண் அல்ல, அதுவும் ஓர் ஆயிடைதான். 18.5 முதல் 23 வரை என்ற வகுப்புக்குள் நீங்கள் நிற்க வேணும் என்றால், 158 உயரத்துக்கு 10.6 கிலோவுக்கும் 21.8 கிலோவுக்கும் நடுவில் எவ்வளவு குறைந்தாலும் கணக்குச் சரி. ஆனால் அந்த 21.8 என்பது 46.2 கிலோவில் எலும்பும் தோலுமாக நிற்கிற அந்தம். அது குறி அல்ல, தாண்டக் கூடாத வேலி. குறைக்கிறவர் மேல் எல்லைக்கு உள்ளே கொஞ்சம் தள்ளி நின்றால் போதும். கொஞ்சம் தள்ளி என்பது ஏனென்றால், உப்புக் கருவாட்டோடு சாப்பிட்ட அடுத்த நாளும், மாதவிடாய்க்கு முந்தின நாட்களிலும் ஒரு கிலோ வரைக்கும் தண்ணீராகவே ஏறி இறங்கும். எல்லையை ஒட்டி நின்றால் ஒவ்வொரு கிழமையும் வகுப்பு மாறிக்கொண்டிருக்கும். நிறையைக் கிழமைக்கு ஒரு தரம், ஒரே நாளில், காலையில் சலம் கழித்த பிறகு, சாப்பிட முதல், ஒரேமாதிரி உடுப்போடு பாருங்கள். சேலையோடு ஒரு கிழமையும் நைற்றியோடு மறு கிழமையும் பார்த்தால் அரைக் கிலோ சேலையில் போய்விடும்.

இப்போது எனக்கு மிக முக்கியமாகப் படுகிற இடத்துக்கு வருகிறேன். உங்கள் பாஸ்டிங் சுகர் 112. அது சீனி வருத்தம் அல்ல, அதற்கு முந்தின நிலை. இந்த நிலையில் இருந்தவர்களை வைத்து அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது, முடிவு 2002இல் வந்தது. சேர்வதற்கு பி.எம்.ஐ. குறைந்தது 24 இருக்க வேணும் என்றும், ஆசிய வம்சாவளியினருக்கு மட்டும் 22 போதும் என்றும் வைத்திருந்தார்கள். சாப்பாட்டையும் நடையையும் மாற்றின குழுவுக்கு அவர்கள் கொடுத்த குறி "25க்குக் கீழே வா" என்பது அல்ல. தொடங்கின நிறையில் ஏழு வீதத்தைக் குறை, கிழமைக்கு 150 நிமிசம் நட, அவ்வளவுதான். அந்தக் குழுவில் சீனி வருத்தம் புதிதாக வருவது, போலிக் குளிசை எடுத்த குழுவோடு ஒப்பிட, 58 வீதம் குறைந்தது.

உங்களுக்கு ஏழு வீதம் என்றால் 4.8 கிலோ, அதாவது 63.2இல் நிற்பீர்கள். பி.எம்.ஐ. 25.3. சுவர்த் தாளைப் பார்த்தால் வகுப்பு மாறியிருக்காது, இன்னும் "நிறை கூடியவர்"தான். இந்த இடத்தில்தான் பலர் "ஆறு மாதம் கஷ்டப்பட்டும் ஒன்றும் நடக்கவில்லை" என்று கைவிட்டுவிடுகிறார்கள். உண்மையில் பயனில் பெரிய பங்கு அதற்குள் கிடைத்திருக்கும். ஆகவே முதல் படி 63, இரண்டாம் படி 61.5, மூன்றாம் படி 56.5 என்று எழுதுங்கள். முதல் படிக்கு வந்ததும் சுகரை மறுபடி பாருங்கள். கிழமைக்கு அரைக் கிலோவுக்கு மேல் இறக்க அவசரப்பட வேண்டாம். தொடக்கத்தில் தண்ணீர் போவதால் வேகமாக இறங்கும், பிறகு மெல்ல மெல்லத்தான். ஐந்து கிலோவுக்கு ஆறு மாதம் என்று மனதில் வைத்திருந்தால் இடையில் மனம் உடையாது. ஒரு நாளைக்கு ஐந்து தேத்தண்ணி, ஒவ்வொன்றுக்கும் மூன்று கரண்டி சீனி என்றால் அதிலேயே ஏறக்குறைய முந்நூறு கலோரி போகிறது. நம்ம ஊரில் நான் முதலில் கேட்கிற கேள்வி அதுதான்.

வீதத்தில் யோசிப்பதில் ஒரு வசதியும் உண்டு. எத்தனை வீதம் குறைய வேணும் என்பது உயரத்தைப் பொறுத்ததல்ல. 27.24இலிருந்து 25க்கு வர யாராக இருந்தாலும் 8.2 வீதம் குறைய வேணும். உங்களுக்கு அது 5.6 கிலோ. அதே பி.எம்.ஐ.யில் 175 உயரமாக, 83.4 கிலோவில் நிற்கிற உங்கள் அண்ணனுக்கு 6.9 கிலோ. "அவர் ஏழு கிலோ குறைத்தார், நான் ஐந்தரைதான்" என்று ஒப்பிடத் தேவையில்லை, இரண்டும் ஒரே தூரம்.

மகளின் கணக்கு சுருக்கம். 1.60இன் வர்க்கம் 2.56. 44ஐ அதால் பிரித்தால் 17.2. கீழ் எல்லை 18.5 × 2.56 = 47.36, ஆகவே 3.36 கிலோ கூட வேணும். 18.5 தன் வகுப்புக்குள் சேர்வதால் சரியாக அதில் நின்றாலும் உள்ளேதான், ஆனாலும் தண்ணீர் ஏற்ற இறக்கத்துக்காக 48.5ஐக் குறியாக வையுங்கள். மேல்பக்கம் 58.8 வரை இடம் இருக்கிறது, பயப்படத் தேவையில்லை. அவள் எப்போதும் இப்படித்தான் மெலிவா, அல்லது அண்மையில் இறங்கினாளா என்பதுதான் நான் கேட்க விரும்புவது. போன வருசம் 49 இருந்து இப்போது 44 என்றால், கணக்கை விட்டுவிட்டு டொக்டரிடம் கூட்டிப்போங்கள். தைரொயிட், சீனி வருத்தம், நாள்பட்ட இருமல், சாப்பாட்டை வேண்டுமென்றே தவிர்ப்பது எல்லாவற்றையும் பார்க்க வேணும். 20 வயது என்பதால் இந்த எல்லைகளை அவளுக்குப் பாவிக்கலாம். 19 வயதுக்கு உட்பட்ட தம்பி தங்கை இருந்தால் அவர்களுக்குப் பாவிக்க வேண்டாம், வயதுக்கேற்ற வளர்ச்சி வரைபடம் வேறு இருக்கிறது.

வயிற்றில் பிள்ளை இருக்கிறவருக்கும், கால் வீங்கி உடம்பில் நீர் கோத்திருக்கிறவருக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. முதுகு கூனிய அம்மம்மாவுக்கு உயரம் குறைந்துபோயிருப்பதால் பி.எம்.ஐ. பொய்யாகக் கூடக் காட்டும். வீட்டில் யாராவது ஏற்கெனவே சீனிக்குக் குளிசை எடுக்கிறார் அல்லது இன்சுலின் போடுகிறார் என்றால், உங்களோடு சேர்ந்து சாப்பாட்டைக் குறைக்க முதல் டொக்டரிடம் கேட்க வேணும். மருந்து அதே அளவில் இருக்கச் சாப்பாடு மட்டும் குறைந்தால் சுகர் விழுந்துவிடும்.

பி.எம்.ஐ. சொல்லாத ஒன்றை ஒரு தையல் நாடா சொல்லும். கொழுப்பு வயிற்றில் இருக்கிறதா என்பது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை வெளியே விட்ட நிலையில், நாடாவை இறுக்காமல் சுற்றி அளந்து பாருங்கள். தெற்காசியப் பெண்களுக்கு எல்லை 80 சென்ரிமீற்றர், ஆண்களுக்கு 90. அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது கொப்பியில் நான்கு எண் இருக்கட்டும்: வீட்டில் மூன்று தரம் அளந்து எடுத்த உயரம், அன்றைக்குக் காலை நிறை, இடுப்புச் சுற்று, முதல் படியான 63. உயரத்தை அங்கே திரும்ப அளந்து வேறு எண் வந்தால், உங்களுடையதைக் காட்டி இன்னொரு தரம் அளக்கச் சொல்லிக் கேளுங்கள். அப்படிக் கேட்டால் நாங்கள் கோபிக்க மாட்டோம்.